பஞ்சுத் தராசில் என் பிள்ளை

என் மூத்த மகள் குறை மாதத்தில் பிறந்தவள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. துணியைத்தான் தூக்கியிருக்கிறோமோ என்று விலக்கிப் பார்ப்பேன்.

அப்போது பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் பஞ்சுப் பொதிகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் பொதி தூக்குகிறவர். நான் உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை பார்த்த வீட்டுப் பெண். மூன்றாம் வகுப்பு வரை போனேன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நூறு வரை எண்ணுவேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கூடத்தில் புதன்கிழமை தோறும் பச்சைப் பிள்ளைகளை நிறுப்பார்கள். ஒரு நர்சம்மா, ஒரு ஆயா. எடை ஏறினால் பிள்ளை தேறுகிறது, ஏறாவிட்டால் தாய்ப்பால் போதவில்லை என்று அர்த்தம். பால் போதாத பிள்ளைக்கு டப்பாப் பாலுக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். யுத்தத்தில் டப்பாப் பால் லேசில் கிடைக்காது.

அங்கே ஒரு நல்ல தராசு இருந்தது. மேசை மேல் தகரத் தட்டு. அதில் பிள்ளையைப் படுக்கவைத்து, கம்பியில் ஒரு குண்டை நகர்த்துவார்கள். கம்பியில் அவுன்ஸ் அவுன்ஸாகக் கோடு. பதினாறு அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு ராத்தல். முதல் தடவை என் பிள்ளையைப் போட்டபோது ஐந்து ராத்தல் இரண்டு அவுன்ஸ் இருந்தாள்.

“சின்னப் பிள்ளைதான். பயப்படாத. வாரத்துக்கு நாலு அவுன்ஸ் ஏறினாப் போதும். தேத்திரலாம்” என்றார் நர்சம்மா.

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எடையை யாரும் உள்ளபடி சத்தமாகச் சொல்லக் கூடாது. கண் படும். அதனால் ஆயா எப்போதும் குறைத்துத்தான் சொல்வாள். ஒன்பதே முக்கால் ராத்தல் இருந்தால் “ஒம்பது” என்பாள். தாய்மார்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். நர்சம்மா சிரித்துக்கொண்டு, கம்பியைத் தானே பார்த்து, சரியான கணக்கை அட்டையில் எழுதிக்கொள்வார். ஆயா சொல்வது ஊர் காதுக்கு. அட்டையில் இருப்பது வேறு. அதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை.

அடுத்த புதனுக்குள் அந்தத் தராசு உடைந்துபோனது. கூட்டிப் பெருக்க மேசையை நகர்த்தியிருக்கிறார்கள். விழுந்து, கம்பியைத் தாங்குகிற முனை முறிந்துவிட்டது. பட்டணத்துக்கு அனுப்பினார்கள். யுத்தம் என்பதால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் கிட்டங்கி முதலாளியிடம் கேட்டு ஒரு தொங்கு தராசு இரவல் வாங்கினார்கள். வட்ட முகம், நடுவில் முள், கீழே கொக்கி. பஞ்சுச் சிப்பத்தைக் கொக்கியில் மாட்டினால் முள் சுற்றும். இருநூறு ராத்தல் வரை நிறுக்கும். என் வீட்டுக்காரர்தான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். “நம்ம கிட்டங்கித் தராசுல நம்ம புள்ள. வருசக்கணக்கா நிறுக்கிறோம், ஒரு பொதிக்குத் தப்பு வந்ததில்ல தெரியுமா?”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பிள்ளையைத் துணியில் தூளி மாதிரி கட்டிக் கொக்கியில் மாட்டினார்கள். துணியின் கனத்தை முதலிலேயே திருகில் கழித்து முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று நர்சம்மா கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு குனிந்து நின்றார். முள்ளைப் பார்க்கிற வேலை ஆயாவுக்கு வந்தது. அவள் முக்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். பிள்ளை உதைத்தது. முள் ஆடியது.

“அஞ்சு” என்றாள் ஆயா.

ஆயா தனக்குச் சொல்வது உள்ள கணக்குதான் என்று நம்பி நர்சம்மா ஐந்து என்று எழுதினார். எழுதிவிட்டுப் பழைய எடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ரெண்டு அவுன்ஸ் குறைஞ்சிருக்கே. பால் கொடுக்கிறியா ஒழுங்கா?”

கொடுக்கிறேன் என்றேன்.

“சரி. அடுத்த வாரம் பார்ப்போம்.”

அடுத்த வாரம் ஐந்து.

என் பக்கத்தில் எப்போதும் ஒரு சாயபு வீட்டுப் பெண் உட்காருவாள். அவள் புருசன் டவுனுக்குள் பூட்டுக் கடை வைத்திருந்தார். அவள் பையன் கொழுகொழு என்று இருப்பான். பதினெட்டு ராத்தல். அவனை மாட்டினால் சங்கிலி கிரீச்சென்னும். கூடமே சிரிக்கும். அந்த இரண்டு வாரமும் அவனுக்கும் எடை ஏறவில்லை. பதினெட்டு, பதினெட்டு. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனைப் பார்த்தாலே கேட்கத் தோன்றாது.

“உனக்குப் பால் ஊறலயா அக்கா? கருவாட்டுக் குழம்பு சாப்பிடு. பூண்டு சுட்டுத் தின்னு” என்றாள் என்னிடம். நல்ல மனதோடுதான் சொன்னாள். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பால் இல்லை என்பது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லக் கூடிய சாதாரணப் பேச்சு இல்லை. சோறு பொங்கத் தெரியாது என்றால் சிரிக்கலாம். இதற்குச் சிரிக்க முடியாது. தெருவில் நடந்தால் என் மார்பைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு போனேன்.

வீட்டில் வந்து சொன்னேன், பிள்ளை நன்றாகத்தான் குடிக்கிறது, குடித்துவிட்டுத் தூங்குகிறது, துணி நனைக்கிறது என்று. கை கொஞ்சம் உருண்டிருக்கிற மாதிரிகூட எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “தராசு பொய் சொல்லாதுல்ல” என்றார்.

“நான் பொய் சொல்லுறேனா?”

“உன்னச் சொல்லல. தராசச் சொல்றேன். அது நான் தினம் பாக்குற தராசு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. ஊரார் எல்லாரும் வாயால் சொன்னார்கள். இவர் கிட்டங்கித் தராசை நம்பின அளவுக்கு என்னை நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தராசு நல்ல தராசுதான்.

மூன்றாவது வாரமும் ஐந்து. நர்சம்மா முகம் சரியில்லை.

“மூணு வாரம் ஆச்சு. இருந்ததுலேயே ரெண்டு அவுன்ஸ் போயிருக்கு. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அதுக்கப்புறம் டப்பாப் பாலுக்கு எழுதிருவேன். கிடைக்கிற வரைக்கும் வேற யாராவது பால் கொடுக்க இருக்காங்களா உங்க வீட்டுல?”

இருந்தார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா. உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. அவருக்குக் கடைசிப் பையன் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தான். ஆள் அனுப்பியதும் மறுநாளே பஸ் ஏறிப் பையனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மதினி நல்ல மனுசி. வாய்தான் நிற்காது. வந்ததும் பிள்ளையை என் மடியில் இருந்து எடுத்துப் பார்த்தார்.

“ஏத்தா, இம்புட்டுத்தானா? கோழிக்குஞ்சுகூட இதவிடக் கனமா இருக்குமே! நீ என்னத்தத் தின்னுட்டுக் கிடக்க?”

“நல்லாத்தான் மதினி குடிக்கிறா.”

“குடிக்கிறது தெரியுது. உள்ள என்ன போகுதுன்னு தெரியலயே. என் தம்பி மூட்ட தூக்கிக் கொண்டாந்து போடுறான், அது எங்க போகுது?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “உடம்புலயும் ஒட்டல, புள்ளைக்கும் போகல.”

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதினி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வர்ற புதன்கிழமையும் ஏறவில்லை என்றால் மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார். அங்கே தன் பையனோடு சேர்த்து இதற்கும் கொடுப்பார். பல் முளைத்த பிறகு கொண்டுவந்து விடுவார்.

“நானும் வாரேன் மதினி” என்றேன்.

“நீ வந்து? நீ இருந்தா அது உன்னத்தான் தேடும். காய்ஞ்ச மாரச் சப்பிட்டுக் கிடக்கும். நீ இங்க இரு. அவனுக்குச் சோறு பொங்கு.”

அன்றைக்கே பிள்ளையின் துணிகளைத் துவைத்துக் காயவைத்து, மடித்துத் தன் மூட்டையில் வைத்துக்கொண்டார். எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. மறுத்தால் பிள்ளையைச் சாகவிடப் பார்க்கிறாள் என்று ஆகும். மெய்யாகவே எனக்குப் பால் இல்லையோ என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன். பால் கட்டி வலிக்கும். அப்போதும் நினைத்தேன், இது பால் இல்லை, வேறு ஏதோ நோவு என்று.

நாலாவது புதன். மதினியும் கூட வந்தார். அவரையும் அவர் பையனையும் பார்த்துக் கூடத்தில் இருந்தவர்கள் இடம் விட்டார்கள். எதற்கு வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிள்ளையை மாட்டினார்கள். ஆயா ஏறிப் பார்த்தாள். இறங்கவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

“ஆறு” என்றாள்.

நர்சம்மா நிமிர்ந்தார். “எத்தன?”

“ஆறும்மா. கோட்டத் தாண்டி நிக்குது முள்ளு.”

நான் சந்தோசப்பட ஒரு மூச்சு இழுத்திருப்பேன். அதற்குள் நர்சம்மா சொன்னார்: “ஒரே வாரத்துல ஒரு ராத்தலா? எந்தப் பிள்ளையும் அப்படி ஏறாது.”

சாயபு வீட்டுப் பெண் மெதுவாக, “தோபா, தோபா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முன்பு ஒரு பெண் பிள்ளையின் இடுப்புத் துணியில் படிக்கல்லை வைத்துக் கட்டிக்கொண்டுவந்து மாட்டிக்கொண்ட கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மதினியும்தான்.

“ஏ புள்ள, புள்ளைய அனுப்ப மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? இதென்ன கூத்து?”

நான் ஒன்றும் வைக்கவில்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நர்சம்மா பிள்ளையை இறக்கினார். எல்லார் முன்னாலும் துணியை அவிழ்த்தார். உதறிப் பார்த்தார். அரைஞாண் கயிற்றைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். அதில் ஒரு சின்ன வெள்ளித் துண்டு கிடந்தது, அவ்வளவுதான். குளிரிலும் பயத்திலும் பிள்ளை வீரிட்டு அழுதாள். சின்ன உடம்பு முழுக்கச் சிவந்துபோயிற்று.

அவள் அழுததும் எனக்குப் பால் இறங்கிவிட்டது. ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, வயிறு வரை வழிந்தது. கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். பால் இல்லை என்று வெட்கப்பட்டேன். இப்போது இருக்கிறது என்றும் வெட்கப்பட்டேன். இரண்டு கையையும் குறுக்கே வைத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அந்தச் சுவரில் ஒரு ஆணி அடித்த துளை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து நர்சம்மா சொன்னார்: “ஆயா, பிள்ளைய எடுத்து அவகிட்டக் குடு. நீ உக்காரு, பால் குடு.”

உட்கார்ந்து கொடுத்தேன். பிள்ளை மடக்மடக்கென்று விழுங்கியது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நர்சம்மா தராசின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு முக்காலியில் தானே ஏறினார். முகத்தை வட்டத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஆயா, இதுல கோடு எதுக்கு எது?”

“ஒரு கோட்டுக்கு ஒரு ராத்தலும்மா.”

“நடுவுல முள்ளு நின்னா?”

“நடுவுல எங்கம்மா தெரியுது? ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு அரிசி நிக்காது. புள்ள வேற ஆட்டுது. தாண்டுன கோட்டச் சொல்லுவேன். கூட்டிச் சொன்னா கண்ணு பட்டுரும்ல?”

“எப்பவும் தாண்டுன கோட்டையா சொல்ற?”

“எப்பவும்தான்.”

நர்சம்மா இறங்கினார். ஒரு பித்தளைக் குடத்தைக் கொக்கியில் மாட்டச் சொன்னார். திருகைத் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். எட்டு அவுன்ஸ் பிடிக்கிற மருந்துச் சீசாவை எடுத்து, பத்துச் சீசாத் தண்ணீர் ஊற்றினார். “எண்பது அவுன்ஸ். சரியா அஞ்சு ராத்தல்” என்றார்.

ஆயா பார்த்தாள். “அஞ்சு.”

மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸால் இன்னும் ஆறு அவுன்ஸ் ஊற்றினார். “இப்ப?”

“அஞ்சுதாம்மா.”

இன்னும் நாலு. “அஞ்சு.” இன்னும் நாலு. “அஞ்சேதான்.” இன்னும் நாலு ஊற்றினார்.

“ஆறு! தாண்டிருச்சு!” என்றாள் ஆயா. சொன்னதும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நர்சம்மா அட்டையை எடுத்து எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். முதலில் ஐந்து ராத்தல் இரண்டு அவுன்ஸ். வாரம் நாலு அவுன்ஸ் ஏறியிருந்தால் ஐந்து ராத்தல் ஆறு அவுன்ஸ், ஐந்தே பத்து, ஐந்தே பதினாலு. மூன்றையும் இந்தத் தராசில் ஐந்து என்றுதான் படித்திருப்போம். இன்றைக்கு ஆறே இரண்டு. கோட்டைத் தாண்டியதும் ஆறு. “குறை உன்கிட்ட இல்ல. ஏறுனது எல்லாம் ரெண்டு கோட்டுக்கு நடுவுல போயிருக்கு.”

சாயபு வீட்டுப் பெண் தன் பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “அப்ப என் பையன் எடையும் தப்பாம்மா?”

“உன் பையனுக்கும் அதே பதினாலு அவுன்ஸ் விட்டுப்போயிருக்கலாம். ஆனா அவன் பதினெட்டு ராத்தல். நூறு பங்கு போட்டா அதுல அஞ்சு பங்குகூட இல்ல. இந்தப் பிள்ளைக்கு நூத்துல பதினஞ்சு பங்கு. கோடு ஒண்ணுதான். எடை குறையக் குறைய, அந்தக் கோட்டோட தப்பு பெருசாத் தெரியும்.”

எனக்கு நூறு பங்கு என்றால் சட்டென்று புரியவில்லை. ஆனால் பஞ்சு புரிந்தது. நூறு ராத்தல் பொதியில் ஒரு ராத்தல் முன்னே பின்னே இருந்தால் கிட்டங்கியில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் பிள்ளை மொத்தமே ஐந்து ராத்தல். அவளிடம் ஒரு ராத்தலைத் தொலைத்தால் ஒரு காலையோ கையையோ தொலைத்த மாதிரி. தராசு அவளைத் தப்பாக நிறுக்கவில்லை. அவளைப் பார்க்கிற அளவுக்கு அதற்குக் கண் இல்லை.

மதினி விடவில்லை. “அப்படின்னா தாயையும் புள்ளையையும் சேத்து நிறுத்து, அப்புறம் தாயத் தனியா நிறுத்துக் கழிச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது. கனம் கூடுனாத் தப்புக் குறையும்னு நீங்கதானே சொல்லுறீக?”

நர்சம்மா யோசித்தார். “நல்ல கேள்விதான். சேத்து நிறுக்கும்போது ஒரு கோடு விடும். தனியா நிறுக்கும்போது ஒரு கோடு விடும். தாயக் கழிச்சிடலாம். அந்த ரெண்டு தப்பையும் கழிக்க முடியாதே. அது பிள்ளை தலையிலதான் வந்து விழும். இன்னும் மோசம்.”

மதினி வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் அன்றுதான் பார்த்தேன்.

நர்சம்மா கணக்குப் போட்டுச் சொன்னாரே தவிர, பிள்ளை மெய்யாக எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறாள், அவ்வளவுதான். அதனால் எதிர்த்த மளிகைக் கடைக்கு ஆயாவை அனுப்பினார். இரண்டு தட்டுத் தராசும் படிக்கற்களும் கேட்டு. கடைக்காரரே தூக்கிக்கொண்டு வந்தார்.

“மிளகா நிறுத்த தட்டும்மா இது. புள்ளைக்கு எரியப் போகுது” என்றார். “கடையில எல்லாத்தையும் நிறுத்திருக்கேன், மனுசப் புள்ளைய நிறுத்ததில்ல. வெல எம்புட்டுன்னு போடுறது?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவித் துடைத்து, துணி விரித்து, அதே மாதிரித் துணியை எதிர்த் தட்டிலும் போட்டார்கள். என் பிள்ளை பால் குடிப்பதற்கு முன்னாடி நிறுத்ததுதான் கணக்கு, இப்போது குடித்துவிட்டாள், அதனால் ஒன்றிரண்டு அவுன்ஸ் கூடத்தான் காட்டும் என்று நர்சம்மா சொன்னார். குடித்த களைப்பில் அவள் தூங்கிப்போயிருந்தாள். அசையவில்லை. முள்ளும் நின்றது.

இரண்டு வீசைப் படி வைத்ததும் தட்டு சமமாக நின்றது. ஒரு வீசை என்பது மூன்று ராத்தலுக்குக் கொஞ்சம் கூட. கால் பலம் படியை எடுத்துப் போட்டதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அரை அவுன்ஸ்கூட வராத கால் பலத்துக்கே சாய்கிற தராசு. நர்சம்மா தாளில் பெருக்கிப் பார்த்து, “ஆறு ராத்தல், கிட்டத்தட்ட மூணு அவுன்ஸ். இப்பக் குடிச்ச பாலக் கழிச்சா ஆறுக்கு மேலதான்” என்றார். “பிள்ளை நல்லா இருக்கா. டப்பாப் பால் வேண்டாம். யார் பாலும் வேண்டாம்.”

பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, “துணிய அவிழ்த்திருக்கக் கூடாது நான்” என்றார்.

நான் சரிம்மா என்றேன்.

எல்லாரும் என்னிடம் வந்து பேசினார்கள். பாவம் என்றார்கள். அப்பவே நினைத்தேன் என்றார்கள். சாயபு வீட்டுப் பெண் என் தோளில் கை வைத்தாள். “மாஷா அல்லா, குடிக்கிற சத்தம் கேட்டனே” என்றாள். எனக்கு எவ்வளவு சீக்கிரம் அங்கிருந்து போகலாம் என்றுதான் இருந்தது. தப்பு என்னிடம் இல்லை என்று தெரிந்துவிட்டால் வெட்கம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. சேலை ஈரம் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி அதுவும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதினிதான் தம்பியிடம் சொன்னார். கோடு, நடுவில் அரிசி, குடம், தண்ணீர், எல்லாம். என்னைவிட நன்றாகச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“பொதிக்கு அது நல்ல தராசுக்கா” என்றார் கடைசியில்.

“பொதிக்குத்தானேடா. உன் மக பொதியா?”

அவர் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகக் கிட்டங்கிக்குப் போனார். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நடந்து போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். தராசின் கொக்கி அவர் முதுகில் இடித்துக்கொண்டே போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை.

மறுநாள் காலையில் மதினியை பஸ் ஏற்றப் போனேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் அந்தக் காலத்து பஸ் கரியில் ஓடும். கிளம்புவதற்கு முன் அடுப்பு ஊத வேண்டும். ஒரு ஆள் பின்னால் நின்று காற்றூதுகிற சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். புகை எல்லாம் எங்கள் மேல்.

மதினி பையனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். என் பிள்ளையைப் பார்த்தார். தூக்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

“நான் என்ன கெடுதலுக்கா சொன்னேன்?”

“இல்ல மதினி.”

“அந்தப் பொம்பளைகளுக்கு முன்னால உன்னய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

நான் புகை படாமல் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினேன். கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார்.

மதினி ஏறப் போனவர் நின்றார். மூட்டையைக் கீழே வைத்தார். அந்தப் புகைக்குள், பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, முடிச்சை அவிழ்த்தார். பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார். சட்டை இரண்டு. இடுப்புத் துணி. தலைக்குக் கட்டுகிற துண்டு. மடித்தது மடித்தபடி இருந்தது. முகத்தை என்னிடம் காட்டவில்லை.

“இன்னும் ஒண்ணு அடியில கிடக்கு. எடுக்க முடியல. அடுத்த தடவ வரும்போது கொண்டாரேன்” என்றார்.

“இருக்கட்டும் மதினி. மெதுவா வாங்க.”

அவர் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பவில்லை. இன்னும் ஊதிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே, நான் வெளியே. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் அது கிளம்புகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.